மார்ச் பேஸ்லிப்பில் 5 நாள் லீவு குறைகிறது, இந்தக் கடிதத்தை அனுப்பலாமா?

நீலக்குடை · மார்ச் 29, காலை 7.40

நேற்று மாலை மார்ச் மாத பேஸ்லிப் வந்தது. லீவ் பேலன்ஸ் 2.5 நாள் என்று போட்டிருக்கிறது. என் கணக்குப்படி 7.5 இருக்க வேண்டும். போன வருட மிச்சமாக ஜனவரி 1 அன்று 6 நாள் வந்தது. மாதம் 1.5 வீதம் மூன்று மாதத்துக்கு 4.5 நாள். ஆக மொத்தம் 10.5. நான் எடுத்தது ஜனவரி 22, 23, பிப்ரவரி 10, இந்த மூன்று நாள்தான். மீதி 5 நாள் எங்கே போனது?

ஏப்ரல் 21 முதல் 25 வரை 5 நாள் லீவு கேட்டு ஒப்புதலும் வாங்கிவிட்டேன். தங்கைக்குப் பிரசவ நேரம், நான்தான் கூட இருக்க வேண்டும். இருப்பு 2.5 என்றால் மீதி நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பார்கள். ராத்திரி தூக்கம் வராமல் ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அதன் முதல் பத்தி:

“எனது கணக்கிலிருந்து 5 நாட்கள் எந்தக் காரணமும் இன்றிப் பறிக்கப்பட்டுள்ளன. நான் ஒரு நாள்கூட அனுமதி இல்லாமல் வராமல் இருந்ததில்லை. இது திட்டமிட்ட அநியாயம். உடனே திருப்பித் தராவிட்டால் மேலிடத்துக்குச் செல்வேன்.”

வருகைப் பதிவின் மாதச் சுருக்கத்தை மொபைலில் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

வேகநடை · மார்ச் 29, காலை 8.15

கடிதமே வேண்டாம். வருகை மென்பொருளில் ரெகுலரைஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். எந்த நாள் ஆப்சென்ட் விழுந்ததோ அந்த நாளைத் தேர்ந்தெடுத்து, காரணம் எழுதி அனுப்பினால் மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்வார், லீவு தானாகத் திரும்பிவிடும். நான் மாதத்துக்கு இரண்டு முறை செய்கிறேன்.

பழையபேரேடு · மார்ச் 29, காலை 9.02

அனுப்பாதீர்கள் அம்மா. நான் 14 வருடம் வருகைப் பதிவும் சம்பளமும் பார்க்கும் பிரிவில் இருந்தவன். இப்படி ஒரு கடிதம் வந்தால் அந்த மேசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படிப்பவர் உங்கள் லெட்ஜரைத் திறப்பார். ஐந்து நாளில் ஒரு நாளுக்காவது சரியான காரணம் கண்ணில் பட்டால், “ஊழியர் சொல்வது தவறு” என்று எழுதி மூடிவிடுவார். மொத்தத்தைப் பற்றிச் சண்டை போட்டால் மொத்தமாகத் தோற்க நேரிடும். ஒவ்வொரு பற்றாகப் பிரித்துப் பேசினால் ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் லீவ் லெட்ஜரை எடுங்கள். பேஸ்லிப்பில் இருப்பது கடைசி எண் மட்டும்தான். எந்தத் தேதிக்கு எத்தனை நாள் வரவு, எத்தனை நாள் பற்று என்று வரி வரியாக லெட்ஜரில் இருக்கும். அப்புறம் பஞ்ச் பதிவு. மாதச் சுருக்கம் வேண்டாம், இயந்திரத்தில் விரல் வைத்த நேரங்கள் அப்படியே இருக்கும் மூலப் பதிவு வேண்டும். நீங்கள் தவறு என்று சொல்லும் முடிவை எழுதியதே அந்தச் சுருக்கம்தான். அதையே இணைத்தால் அவர்கள் பக்கத்துச் சாட்சியை நீங்களே கூப்பிட்டது போல ஆகும்.

வேகநடை சொல்லும் வழி அதே மாதத்துக்குள், பதிவு பூட்டப்படுவதற்கு முன்னால் சரி. சம்பளம் போட்ட பிறகு அந்த மாதத்தை மூடிவிடுவார்கள். பிறகு பொத்தான் இருந்தாலும் வேலை செய்யாது.

நீலக்குடை · மார்ச் 29, பகல் 12.30

பொத்தானைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அழுத்த முடியவில்லை. எங்களுக்கு 7 நாள்தான் அவகாசமாம். சம்பளக் கணக்கு 25ஆம் தேதியோடு மூடப்படுகிறது.

லெட்ஜர் கிடைத்தது. பற்று வரிகள் இவை: ஜனவரி 22, 23 ஆகியவற்றுக்கு 2 நாள். பிப்ரவரி 10க்கு 1. பிப்ரவரி 20க்கு 1. பிப்ரவரி 27க்கு அரை நாள். மார்ச் 12க்கு 1, மார்ச் 14க்கு 1. ஆக 6.5 நாள் பற்று. முதல் மூன்று நாள் நான் எடுத்தவை. மீதி 3.5 நாள் எனக்குத் தெரியாதவை. ஆனால் நான் தேடுவது 5 நாள். இன்னும் 1.5 இடிக்கிறது.

வேகநடை · மார்ச் 29, பகல் 12.48

1.5 என்றால் அது மார்ச் மாத வரவு. எங்கள் இடத்தில் மாதக் கடைசி நாளில்தான் ஏறும். பேஸ்லிப் 25ஆம் தேதி நிலவரம் என்றால் அது இன்னும் ஏறியிருக்காது.

நீலக்குடை · மார்ச் 29, பகல் 1.05

ஆமாம்! லெட்ஜரில் ஜனவரி 31, பிப்ரவரி 28 ஆகிய இரண்டு வரவுதான் இருக்கிறது. அப்படியானால் பேஸ்லிப் தேதியில் எனக்கு இருந்திருக்க வேண்டியது 7.5 இல்லை, 6. வித்தியாசம் 3.5. காலையில் அனுப்பியிருந்தால் முதல் வரியிலேயே ஒன்றரை நாள் பொய் சொன்னவள் ஆகியிருப்பேன். நன்றி வேகநடை.

மழைத்துளி · மார்ச் 29, பிற்பகல் 3.20

எனக்கும் இதே பிரச்சினை. போன டிசம்பரில் 9 நாள் இருந்தது, ஜனவரியில் பார்த்தால் 5தான். நானும் வருகைப் பதிவை இணைத்துக் கடிதம் எழுதினால் திரும்பக் கிடைக்குமா?

பழையபேரேடு · மார்ச் 29, மாலை 4.10

மழைத்துளி, உங்களுடையது பிடித்தம் இல்லை. அடுத்த வருடத்துக்கு இத்தனை நாள்தான் கொண்டுபோகலாம் என்று வரம்பு இருந்திருக்கும், அதற்கு மேல் இருந்தது காலாவதி ஆகியிருக்கும். அதற்கு வருகைப் பதிவு உதவாது. உங்கள் நிறுவனத்து லீவு விதியில் வரம்பு எத்தனை என்று பாருங்கள். விதியில் இருப்பதைவிடக் குறைவாகக் கொண்டுவந்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

நீலக்குடை, இனி நான்கு தேதிகளையும் தனித்தனியாக எடுங்கள். நான்குக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நீலக்குடை · மார்ச் 30, காலை 10.15

பிப்ரவரி 20 தெளிவாகிவிட்டது. அன்றைக்கு லீவு கேட்டு 12ஆம் தேதி விண்ணப்பித்தேன், 13ஆம் தேதி ஒப்புதல் வந்தது. போகவேண்டிய வேலை தள்ளிப்போனதால் 19ஆம் தேதி மாலை மேற்பார்வையாளருக்கு, “நாளைய விடுப்பை ரத்து செய்கிறேன், பணிக்கு வருவேன்” என்று மின்னஞ்சல் அனுப்பினேன். “சரி” என்று பதிலும் போட்டிருக்கிறார். மறுநாள் போய் முழு நாளும் வேலை செய்தேன். மாதச் சுருக்கத்தில் அன்று ‘லீவு’ என்று மட்டும் இருக்கிறது, பஞ்ச் நேரமே காணோம்.

வேகநடை · மார்ச் 30, காலை 10.40

பஞ்ச் இருந்தால் லீவு தானாக ரத்தாகிவிடுமே. அப்படி ஆகவில்லை என்றால் அன்று உங்கள் விரல் பதிவாகியே இருக்காது.

பழையபேரேடு · மார்ச் 30, காலை 11.25

அது உங்கள் மென்பொருளில் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒப்புதல் ஆன லீவும் பஞ்ச்சும் ஒரே நாளில் வந்தால் எதை எடுத்துக்கொள்வது என்பதை நிறுவனம்தான் அமைத்துக்கொள்கிறது. சில இடத்தில் பஞ்ச் ஜெயிக்கும், சில இடத்தில் லீவு ஜெயிக்கும். லீவு ஜெயிக்கும் இடத்தில் சுருக்கம் பஞ்ச்சை மறைத்துவிடும், ஆனால் மூலப் பதிவில் அது இருக்கும். அதனால்தான் மூலப் பதிவு கேட்கச் சொன்னேன்.

மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியதை மென்பொருள் படிக்காது. அதற்குள்ளேயே ரத்து செய்திருக்க வேண்டும். இது உங்கள் பக்கத்துச் சின்னக் குறை. கடிதத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்ட பிறகு சொன்னால் அதன் எடையே வேறு.

தனிமரம் · மார்ச் 30, பகல் 2.00

என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எங்கள் இடத்தில் அட்டை தேய்க்கும் முறை. ஒரு முறை அட்டையை வீட்டில் மறந்து, வாசலில் தற்காலிக அட்டை வாங்கி மூன்று நாள் போனேன். மூன்று நாளும் ஆப்சென்ட். தற்காலிக அட்டை எண்ணில் என் வருகை முழுதும் இருந்தது, ஆனால் அந்த எண்ணை என் பெயரோடு யாரும் சேர்க்கவில்லை. வாசல் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய வரியைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். நான்கு மாதம் ஆனது. இதில் கொடுமை, நடுவில் என் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் ஒரு நாள் சம்பளமும் போனது. லீவைத் திருப்பித் தந்தார்கள், அந்தச் சம்பளம் இன்னும் வரவில்லை.

பழையபேரேடு · மார்ச் 30, மாலை 5.30

தனிமரம், லீவு திரும்பினால் சம்பளம் தானாகத் திரும்பாது. லீவு லெட்ஜர் வேறு, சம்பளக் கணக்கு வேறு. “இந்த மாதத்தில் பிடித்த ஒரு நாள் சம்பளத்தை நிலுவையாகச் சேர்க்கவும்” என்று தனியாகக் கேட்க வேண்டும். லீவு திருத்திய ஆணையின் நகலை அதோடு வையுங்கள்.

நீலக்குடை · மார்ச் 31, இரவு 9.50

இன்று ஹெச்.ஆர். பிரிவில் மூலப் பஞ்ச் பதிவு கேட்டேன். என் பணியாளர் எண்ணுக்கு மட்டும், பிப்ரவரி 1 முதல் மார்ச் 25 வரை, எழுத்தில் கேட்டதால் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி 20: காலை 08:56, மாலை 18:04. இருக்கிறது!

ஆனால் பிப்ரவரி 27 என்னை உட்கார வைத்துவிட்டது. காலை 08:51, பகல் 13:10. அதற்குப் பிறகு பஞ்ச் இல்லை. மொபைலில் அன்றைய செய்திகளைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகப் பாதியில் கிளம்பினேன். அரை நாள் லீவு போட மறந்துவிட்டேன். பிடித்தது சரிதான். “ஒரு நாள்கூட அனுமதி இல்லாமல்” என்று எழுதியது தப்பு. அந்த வரியை நீக்கிவிட்டேன்.

ஆக 3.5 இல்லை, 3 நாள்.

மார்ச் 12, 14 எனக்குப் புரியவே இல்லை. அந்த வாரம் நான் லீவே எடுக்கவில்லை. மூலப் பதிவில் இருப்பது இது:

```
12-03  21:52
13-03  06:08
13-03  21:55
14-03  06:14
```

பழையபேரேடு · மார்ச் 31, இரவு 10.20

நைட் ஷிஃப்ட் பார்த்தீர்களா?

நீலக்குடை · மார்ச் 31, இரவு 10.34

ஆமாம், இரண்டு இரவு மட்டும். எனக்கு எப்போதும் பகல் ஷிஃப்ட்தான். ஒருவர் திடீரென்று வர முடியாமல் போனதால் 12, 13 இரவு என்னைப் பார்க்கச் சொன்னார்கள். மார்ச் 11 அன்று மேற்பார்வையாளர் அனுப்பிய மின்னஞ்சல் இருக்கிறது.

பழையபேரேடு · ஏப்ரல் 1, காலை 6.45

சரி, நடந்தது இதுதான். மேற்பார்வையாளர் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார், ரோஸ்டரில் ஷிஃப்ட்டை மாற்றவில்லை. மென்பொருளின் பார்வையில் நீங்கள் அந்த மூன்று நாளும் பகல் ஷிஃப்ட். பகல் ஷிஃப்ட்டுக்கு நாள் என்பது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும். இயந்திரம் நேரத்தை மட்டும்தான் எழுதும். எது வருகை, எது கிளம்பியது என்று தீர்மானிப்பது மென்பொருள். அது ஒரு தேதியில் இருக்கும் முதல் பஞ்ச்சை உள்ளே என்றும் கடைசி பஞ்ச்சை வெளியே என்றும் எடுத்துக்கொள்ளும்.

இப்போது அதன் கண்ணால் பாருங்கள். 12ஆம் தேதி: இரவு 21:52 என்று ஒற்றைப் பஞ்ச். ஜோடி இல்லை, ஆகவே ஆப்சென்ட். 14ஆம் தேதி: காலை 06:14, மறுபடி ஒற்றைப் பஞ்ச், ஆப்சென்ட். ஆப்சென்ட் விழுந்தால் இருப்பில் உள்ள லீவிலிருந்து தானாகக் கழிக்கும்படி உங்கள் இடத்தில் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 13ஆம் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நீலக்குடை · ஏப்ரல் 1, காலை 7.10

13ஆம் தேதி பிரசென்ட். பணி நேரம் 15 மணி 47 நிமிடம்!

இதைக் கடிதத்தில் சொல்லலாமா, வேண்டாமா? எனக்குச் சாதகமாக இருப்பதைக் கிளறி வேறு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பழையபேரேடு · ஏப்ரல் 1, காலை 7.32

கட்டாயம் சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய ஆதாரமே அதுதான். 13ஆம் தேதி காலை 06:08க்கு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள், இரவு 21:55க்குத்தான் திரும்ப வந்தீர்கள். நீங்கள் வீட்டில் இருந்த 15 மணி 47 நிமிடத்தை மென்பொருள் வேலை நேரமாக எழுதியிருக்கிறது. ஜோடி தவறாகச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒன்று கிடைக்காது. சரியாகச் சேர்த்தால் முதல் இரவு 8 மணி 16 நிமிடம், இரண்டாம் இரவு 8 மணி 19 நிமிடம். இரண்டும் முழு ஷிஃப்ட்.

வேகநடை · ஏப்ரல் 1, காலை 8.05

அப்போ கேஸ் முடிந்தது. இரண்டு ஷிஃப்ட் வேலை, இரண்டு நாள் பிடித்தம். இரண்டையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும்.

பழையபேரேடு · ஏப்ரல் 1, பகல் 1.15

இங்கேதான் நிதானம் வேண்டும். 12, 13, 14 மூன்றும் வேலை நாள். நீலக்குடை பார்த்தது இரண்டு ஷிஃப்ட். ஷிஃப்ட் தொடங்கிய தேதியில் கணக்கு வைத்தால் 12 பிரசென்ட், 13 பிரசென்ட். 14 அன்று தொடங்கிய ஷிஃப்ட் எதுவும் இல்லை. 06:14 என்ற பஞ்ச் 13ஆம் தேதி ஷிஃப்ட்டின் வால். அது 13க்கே செலவாகிவிட்டது, மறுபடி 14க்குக் காட்ட முடியாது.

ஆகவே 12ஐப் பஞ்ச் பதிவே காப்பாற்றும். 14ஐக் காப்பாற்றாது. இரவுப் பணி முடித்து வந்தவருக்கு அன்று ஓய்வு உண்டு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும், அல்லது விதியில் இருக்க வேண்டும். அம்மா, 14 அன்று வர வேண்டாம் என்று யார் சொன்னது?

நீலக்குடை · ஏப்ரல் 1, இரவு 8.40

மேற்பார்வையாளர்தான். ஆனால் வாயால் சொன்னார். 12ஆம் தேதி மாலை போனில், “வெள்ளிக்கிழமை ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள், திங்கள் வந்தால் போதும்” என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. விதிப் புத்தகத்தில் நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஓய்வு நாள் பற்றி இருக்கிறது, என்னைப் போல மாற்றாகப் போனவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. விழித்திருந்து இரண்டு இரவு பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வந்து, நிம்மதியாக உரிமையோடு தூங்கினேன். அது என் சொந்த லீவு என்று அப்போது தெரியாது.

தனிமரம் · ஏப்ரல் 1, இரவு 9.15

அன்று காலை கிளம்பும்போது யாருக்காவது செய்தி அனுப்பினீர்களா? எனக்கு அந்த வாசல் பதிவேட்டு வரி கிடைத்தது போல, ஆதாரம் என்று நினைக்காமல் எழுதிய ஏதாவது ஒன்று எங்காவது இருக்கும்.

நீலக்குடை · ஏப்ரல் 1, இரவு 9.41

இருக்கிறது! 14ஆம் தேதி காலை 6.17க்கு அவருக்கு, “ஷிஃப்ட் முடிந்தது, ஒப்படைத்துவிட்டேன், கிளம்புகிறேன்” என்று அனுப்பியிருக்கிறேன். 6.50க்கு அவர் பதில்: “நன்றி. நல்லா ரெஸ்ட் எடுங்க. திங்கள் பார்ப்போம்.”

தனிமரம், உங்களை மறக்கமாட்டேன்.

பழையபேரேடு · ஏப்ரல் 2, காலை 6.30

நல்லது. ஆனாலும் அதைப் பஞ்ச்சுக்குச் சமமாக வைக்காதீர்கள். ஓய்வு நாள் என்று அதில் சொல் இல்லை. அவர் உறுதி செய்ய வேண்டும் என்று கேளுங்கள். உறுதியான இரண்டு நாளை முதலில் வையுங்கள், இதை மூன்றாவதாகத் தனியாக வையுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால், இது நிலுவையில் இருப்பதால் மற்ற இரண்டும் நிலுவையில் நிற்கும்.

நீலக்குடை · ஏப்ரல் 2, இரவு 11.05

எழுதிவிட்டேன். காலையில் அனுப்புவதற்கு முன் ஒரு முறை பாருங்கள்.

*பொருள்: பணியாளர் எண் (என் எண்), பிப்ரவரி மற்றும் மார்ச் மாத விடுப்புப் பற்றில் திருத்தம் கோருதல்*

*மதிப்பிற்குரிய ஹெச்.ஆர். பிரிவினருக்கு,*

*மார்ச் மாத பேஸ்லிப்பில் எனது விடுப்பு இருப்பு 2.5 நாள் என உள்ளது. என் கணக்குப்படி அதே தேதியில் அது 5.5 நாளாக இருக்க வேண்டும். வித்தியாசம் 3 நாள். அது கீழ்க்கண்ட மூன்று பற்றுகளால் வந்தது.*

*பிப்ரவரி 20, ஒரு நாள். அன்றைக்கு ஒப்புதல் பெற்றிருந்த விடுப்பை 19ஆம் தேதி மின்னஞ்சல் மூலம் ரத்து செய்தேன், மேற்பார்வையாளர் ஏற்றார் (இணைப்பு 1). மென்பொருளில் ரத்து செய்யத் தவறியது என் பிழை. அன்று 08:56 முதல் 18:04 வரை பணியில் இருந்தேன் (இணைப்பு 2).*

*மார்ச் 12, ஒரு நாள். 12, 13 இரவுகளில் இரவுப் பணி பார்க்கும்படி 11ஆம் தேதி எனக்கு எழுத்தில் கூறப்பட்டது (இணைப்பு 3). ரோஸ்டரில் இது மாற்றப்படவில்லை. அதனால் 12ஆம் தேதி 21:52க்கு வந்ததும் 13ஆம் தேதி 06:08க்குக் கிளம்பியதும் வெவ்வேறு நாள்களாகப் பிரிந்து, 12ஆம் தேதி ஆப்சென்ட் எனப் பதிவாகியுள்ளது. அதே காரணத்தால் 13ஆம் தேதிக்கு 15 மணி 47 நிமிடம் என்ற தவறான பணி நேரமும் பதிவாகியுள்ளது. அதையும் திருத்தக் கோருகிறேன் (இணைப்பு 2).*

*மேற்கண்ட இரண்டு நாள்களையும் உடனே வரவு வைக்க வேண்டுகிறேன்.*

*மார்ச் 14, ஒரு நாள். 13ஆம் தேதி தொடங்கிய இரவுப் பணி 14ஆம் தேதி 06:14க்கு முடிந்தது. அன்று ஓய்வு எடுத்துக்கொள்ளும்படி மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூறினார். அன்று காலை அவர் அனுப்பிய செய்தியை இணைத்துள்ளேன் (இணைப்பு 4). அவரிடம் உறுதி செய்து, இந்த நாளை ஓய்வு நாளாக மாற்றக் கோருகிறேன்.*

*பிப்ரவரி 27க்கான அரை நாள் பற்று சரியானது.*

*ஏப்ரல் 21 முதல் 25 வரை 5 நாள் விடுப்புக்கு ஒப்புதல் பெற்றுள்ளேன். இருப்பு குறைவதால் அதில் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பாக மாறும் நிலை உள்ளது. ஆகவே 25ஆம் தேதி கணக்கு மூடுவதற்கு முன் திருத்தம் செய்து உதவ வேண்டுகிறேன்.*

ஒரு நாள் என்று எழுதியது ஏன் என்றால், 31ஆம் தேதி மார்ச் வரவு 1.5 ஏறிவிட்டது. இப்போது திரையில் 4 காட்டுகிறது.

வேகநடை · ஏப்ரல் 3, காலை 7.20

பிப்ரவரி 27 பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்?

பழையபேரேடு · ஏப்ரல் 3, காலை 7.55

இருக்கட்டும். லெட்ஜரை முழுதும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று அந்த ஒரு வரி காட்டும். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் அதைப் படித்ததும் மற்ற மூன்றையும் கவனமாகப் பார்ப்பேன்.

சேர்க்க வேண்டியது ஒன்றே. இருப்பை மாற்றினால் போதும் என்று விடாதீர்கள். “மேற்கண்ட தேதிகளுக்கான பற்றுகளை ரத்து செய்து, லெட்ஜரில் தனி வரியாகக் காட்டவும்” என்று கேளுங்கள். இருப்பை மட்டும் கையால் மாற்றினால், யாராவது பிறகு அந்த மாதத்தை மறுபடி ஓட்டும்போது ஆப்சென்ட் அப்படியே இருப்பதால் திரும்பவும் கழிந்துவிடும். என் கண் முன்னாலேயே ஒருவருக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

பஞ்ச் பதிவை ஹெச்.ஆர். அனுப்பிய கோப்பாகவே இணையுங்கள். வண்ணம் பூசி, வட்டம் போட்டுத் தர வேண்டாம். குறிக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு தனி நகல் வையுங்கள். மேற்பார்வையாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆனால் அதற்கு முன் அவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ரோஸ்டரை மாற்ற மறந்தவர் அவர். கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டால் சங்கடப்படுவார்.

நீலக்குடை · ஏப்ரல் 3, காலை 9.10

அந்த வரியைச் சேர்த்தேன். அவரிடம் பேசினேன். “ஐயோ, ரோஸ்டரை நான் மாற்றவே இல்லையா” என்றார். அனுப்பிவிட்டேன்.

மழைத்துளி · ஏப்ரல் 5, மாலை 6.00

விதியைப் பார்த்தேன், வரம்பு 5 நாள். அப்போ என்னுடையது சரிதான் போல. கேட்டதில் தப்பில்லையே.

நீலக்குடை · ஏப்ரல் 11, மாலை 5.25

பதில் வந்தது. பிப்ரவரி 20, மார்ச் 12 இரண்டும் ரத்து. லெட்ஜரில் இரண்டு தனி வரிகளாக ஏறியிருக்கிறது, இருப்பு 6. அந்த 15 மணி 47 நிமிடமும் 8 மணி 19 நிமிடமாக மாறிவிட்டது. 21ஆம் தேதி சம்பளப் பயம் இல்லாமல் தங்கையிடம் போவேன்.

மார்ச் 14 நிலுவை. மேற்பார்வையாளர் எழுத்தில் உறுதி செய்துவிட்டார். ஆனால் மாற்றாக இரவுப் பணி பார்ப்பவருக்கு ஓய்வு நாள் தரும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று மேலே கேட்டிருக்கிறார்களாம்.

வேகநடை · ஏப்ரல் 11, மாலை 6.02

ஓய்வு இல்லை என்றால் அந்த வெள்ளிக்கிழமை காலை 6.14க்கு முடித்தவர் 9 மணிக்கு மறுபடி வந்திருக்க வேண்டும் என்று ஆகிறதே! இதைக் கேளுங்கள்.

பழையபேரேடு · ஏப்ரல் 11, இரவு 8.30

இந்த முறை வேகநடை சொல்வதை அப்படியே எழுதலாம். தனிக் கடிதமாக வேண்டாம், அதே கடிதத் தொடரில் இரண்டே வரி: 06:14க்குப் பணி முடிந்தது, அன்றைய பகல் ஷிஃப்ட்டுக்கு வரும்படி எனக்கு யாரும் கூறவில்லை. அதிகாரம் யாருக்கு என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். எப்படித் தீரும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்ததில் இரண்டு பக்கமும் போயிருக்கிறது.

நீலக்குடை · ஏப்ரல் 12, காலை 8.00

அனுப்பிவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். அடுத்த வாரம் ஒரு இரவு மாற்றுப் பணி வந்தது. ஒப்புக்கொள்வதற்கு முன் ரோஸ்டரில் என் பெயர் நைட் ஷிஃப்ட்டில் விழுகிறதா என்று பார்த்தேன், மறுநாள் ஓய்வு என்று அதிலேயே போடச் சொன்னேன். போட்டுவிட்டார்.